சுனூங் எழுதும் கொரியத் தோழிக்கு ஒரு வாழ்த்து

கேள்வி: என் கொரியத் தோழி நாளை தென் கொரியாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான சுனூங் எழுதுகிறாள். கொரிய மொழியில் சுருக்கமாக என்ன வாழ்த்து அனுப்பலாம்?

உங்கள் வயதுடைய தோழியென்றால் இதை அப்படியே அனுப்புங்கள்:

내일 시험 잘 봐! 너라면 잘할 수 있어.

இதை ‘நெயில் ஷிஹொம் ஜல் ப்வா! நொரமியொன் ஜல்ஹல் சு இஸ்ஸொ’ என்று ஏறத்தாழ ஒலிக்கலாம். ‘நாளைத் தேர்வை நன்றாக எழுது, உன்னால் முடியும்’ என்பது பொருள்.

இது நெருங்கியவர்களிடம் பேசும் நடை என்பதால், வயதில் மூத்தவருக்கோ அதிகம் பழகாதவருக்கோ ‘시험 잘 보세요’ (ஷிஹொம் ஜல் பொசெயோ) என்று மரியாதை வடிவத்தில் எழுதுவதே முறை. மரியாதை வடிவத்துக்கு மாறும்போது இரண்டாம் வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அதிலுள்ள ‘너’ என்பது ‘நீ’ என்ற ஒருமை விளி.

தேர்வறைக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை, காலை 8:10 மணிக்குள் மாணவர்கள் உள்ளே இருக்க வேண்டும். ஆகவே முந்தைய நாள் மாலையிலேயே, அவள் உறங்கப் போகும் முன் அனுப்புவது நல்லது. வழுக்கும் தன்மையுள்ள கடற்பாசி சூப்பைத் தேர்வு நாளில் பலர் தவிர்ப்பார்கள் என்பதால், அந்தப் படத்தை வாழ்த்தோடு சேர்க்காதீர்கள். ஒட்டுவது தேர்ச்சிக்கு அடையாளம் என்பதால், ஒட்டும் அரிசிக் கொழுக்கட்டையான சப்ஸல்தொக் படம் மிகவும் பொருந்தும்.