பெயர் அவருடையது, எழுத்து யாருடையது?

“ஒரு பல் மருத்துவருக்கு எட்டு மாதமாக அவர் பெயரில் வலைப்பதிவு எழுதித் தருகிறேன். மாதம் நான்கு பதிவு, ஒன்றுக்கு 2,500 ரூபாய். எல்லாம் வாட்ஸ்அப் பேச்சுதான். கடைசி நான்குக்குப் பணம் வரவில்லை, ஆனால் தளத்தில் போட்டுவிட்டார். இப்போது ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார்: எழுதும்போதே எல்லாம் அவருக்குச் சொந்தம், திருப்தியாகும்வரை திருத்தித் தரவேண்டும், எங்கும் சொல்லக் கூடாது. கையெழுத்துப் போடலாமா?”

அப்படியே போடாதீர்கள். மூன்று வரிகளையும் மாற்றிக் கேளுங்கள்.

முதலில் உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 பிரிவு 17-இன்படி எழுதியவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்குப் போகும். நீங்கள் அப்படியில்லை, பதிவுக்கு இவ்வளவு என்று வாங்கும் ஃப்ரீலான்சர். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், காசு கொடுத்தவருக்குச் சொந்தம் என்று அதே பிரிவு சொல்கிறது. அந்த விதியில் கட்டுரை வராது. அமெரிக்க ஒப்பந்தங்களைப் பார்த்து, காசு கொடுத்து எழுதச் சொன்னவருக்கே படைப்பு சொந்தம் என்ற பொருளில் ‘வொர்க் மேட் ஃபார் ஹயர்’ என்று எழுதிவிடுகிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லை.

உரிமை கைமாற பிரிவு 19 எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடு, என்ன தொகை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். ஆகவே நீங்கள் எழுதிய 32 பதிவுகளும் இன்றைக்கும் உங்களுடையவைதான். ஆனால் நீங்களே போடச் சொல்லி அனுப்பியதால், அவர் தளத்தில் போட்டதைத் திருட்டு என்று சொல்வது கடினம். அனுமதி கொடுத்தீர்கள், உரிமையைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கையிலுள்ள பிடி இதுதான். அவருடைய வரிக்குப் பதில் இப்படிக் கேளுங்கள்:

“ஒவ்வொரு பதிவின் பதிப்புரிமையும் அதற்குரிய முழுத் தொகை எழுத்தாளருக்கு வந்துசேரும் நாளில், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் வாடிக்கையாளருக்கு மாறும். அதுவரை எழுத்தாளருடையதே.”

காலத்தை எழுதாமல் விட்டு ஐந்து வருடம் கழித்துத் திருப்பிக் கேட்கலாமே என்று தோன்றும். வேண்டாம். மறைவாக எழுதித் தரும் வேலையில் வாடிக்கையாளர் வாங்குவதே முழு உரிமையைத்தான், அதற்கான விலையைக் கேளுங்கள். பழைய 32 பதிவுகளின் தலைப்புகளைத் தனிப் பட்டியலாக இணைத்து, ‘பாக்கி 10,000 ரூபாய் வந்ததும் இவையும் மாறும்’ என்று சேருங்கள். ஒழுங்கான பத்திரம் அவருக்கும் தேவை என்பதால் பெரும்பாலும் பாக்கி வந்துவிடும்.

அப்புறம் திருத்தம். என் அனுபவத்தில் சண்டை அதிகம் வருவது இங்கேதான், ஏனென்றால் ‘திருப்தி’ என்பதற்கு அளவுகோல் கிடையாது. வேர் சிகிச்சை பற்றி 900 சொல் கேட்டார், கொடுத்தீர்கள் என்று வையுங்கள். ‘இந்தப் பத்தி சுருங்கட்டும், ஊசி வலி பற்றி ரெண்டு வரி சேருங்க’ என்பது திருத்தம். ‘இம்ப்ளான்ட் பற்றி மாத்திடுங்க’ என்பது புதுப் பதிவு, அதற்குப் புதுத் தொகை. இந்த வேறுபாட்டை ஒப்பந்தத்தில் உதாரணத்தோடு எழுதுங்கள். இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்தில் அடக்கம், மூன்றாவதிலிருந்து சுற்றுக்கு 500 ரூபாய் என்று வைக்கலாம். ஒரு சுற்றின் கருத்துகள் எல்லாம் ஒரே ஆவணத்தில் வர வேண்டும். இல்லாவிட்டால் டாக்டர் ஒன்று, அவர் மனைவி ஒன்று, ரிசப்ஷனிஸ்ட் ஒன்று என்று வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் வந்துகொண்டே இருக்கும். ஏழு நாளில் பதில் இல்லையென்றால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள், பில் அனுப்பலாம் என்ற வரியும் அவசியம். அது இல்லாவிட்டால், ‘இன்னும் படிக்கலைங்க’ என்பதே பணம் தராமலிருக்கக் காரணமாகிவிடும். மருத்துவத் தகவலை வெளியிடும் முன் அவரே சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்றும் போடுங்கள். பதிவு அவர் பெயரில் அல்லவா வருகிறது.

பெயர் விஷயம் எளிது. பதிப்புரிமையை விற்ற பிறகும், எழுதியது நான்தான் என்று சொல்லும் உரிமை பிரிவு 57-இன் கீழ் எழுத்தாளரிடம் இருக்கிறது. அதனால்தான் அவர் ‘சொல்லக் கூடாது’ என்று கேட்கிறார், அது நியாயமும்கூட. எழுதியது நான்தான் என்று பொதுவில் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுங்கள். பதிலுக்கு, புது வாடிக்கையாளர் கேட்டால் அவர் பெயரை மறைத்து மூன்று பதிவுகளைத் தனிப்பட்ட முறையில் மாதிரியாகக் காட்ட அனுமதி வாங்குங்கள். அதுவும் முடியாது என்றால், உங்கள் பெயரில் சொந்தமாக இரண்டு மாதிரிக் கட்டுரை எழுதும் நேரத்துக்கு ஈடாகப் பதிவுக் கட்டணத்தை உயர்த்திக் கேளுங்கள்.

மூன்று மாற்றங்களில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால், மாதிரி காட்டும் அனுமதியை விடுங்கள். பணம் வந்த பிறகே உரிமை மாறும் என்ற வரியை விடவே வேண்டாம்.