அறக்கட்டளையின் பட்ஜெட்டில் விற்பனை வருவாய்: எதை, எப்போது எழுதுவது?

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் மகளிர் வாழ்வாதாரத்துக்காகப் பணிபுரியும் அறக்கட்டளை எங்களுடையது. ஆண்டு வரவு 80 லட்சம் ரூபாய். அதில் 60 லட்சம் மூன்றே நன்கொடையாளர்களிடமிருந்து வருகிறது. ஒருவர் விலகினாலும் சம்பளம் கொடுக்க முடியாது. குழுப் பெண்களைக் கொண்டு கேழ்வரகு மாவும் சத்துமாவும் தயாரித்து ஆண்டுக்கு 24 லட்சத்துக்கு விற்கத் திட்டமிட்டிருக்கிறோம். கட்டணம் கொடுத்து எங்களிடம் பயிற்சி பெறவும் பிற அமைப்புகள் கேட்கின்றன. வரும் ஆண்டு பட்ஜெட்டில் இவற்றை எப்படிச் சேர்ப்பது?

பதில்: 24 லட்சத்தை வரவுப் பக்கத்தில் எழுத வேண்டாம். எழுதினால் மொத்த வரவு 104 லட்சமாகத் தெரியும். மூன்று நன்கொடையாளர்களின் பங்கும் 75 விழுக்காட்டிலிருந்து சுமார் 58 விழுக்காடாகக் குறைந்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் மாவு விற்ற பணத்தின் பெரும்பகுதி கேழ்வரகு கொடுத்த விவசாயிக்கும், அரைத்துப் பொட்டலமிட்ட பெண்களுக்கும், கடைக்காரருக்கும் போய்விடும். நன்கொடையாளர் ஒருவர் விலகும் மாதத்தில் உங்கள் ஊழியர்களின் சம்பளத்துக்கு அதிலிருந்து என்ன மிஞ்சும் என்பதுதான் பட்ஜெட் சொல்ல வேண்டிய செய்தி. ஆகவே முதலில் மாவுப் பிரிவுக்கெனத் தனி வரவு செலவுக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

விலைகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், பின்வரும் தொகைகளை மாதிரியாக மட்டும் கொள்க. 24 லட்சம் விற்பனைக்குத் தானியமும் பிற மூலப்பொருள்களும் 13.2 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பெண்கள் மாதம் 20 நாள், நாளொன்றுக்கு 350 ரூபாய் வீதம் வேலை செய்தால் ஆண்டுக் கூலி 4.2 லட்சம். பொட்டலச் செலவு 1.6 லட்சம், போக்குவரத்துக்கும் கடைக்காரருக்குக் கொடுக்கும் கழிவுக்கும் 2 லட்சம். இவை சேர்ந்து 21 லட்சம். ஒவ்வொரு 100 ரூபாய் விற்பனையிலும் 12 ரூபாய் 50 காசு, அதாவது ஆண்டுக்கு 3 லட்சம், கையில் நிற்கிறது.

பெரும்பாலான அறக்கட்டளைகள் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திக்கொண்டு 3 லட்சம் லாபம் என்று அறங்காவலர் கூட்டத்தில் அறிவித்துவிடுகின்றன. விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய செலவுகள் இன்னும் வரவில்லை. பிரிவின் மேற்பார்வையாளருக்கு மாதம் 15,000 வீதம் 1.8 லட்சம், வாடகைக்கும் மின்சாரத்துக்கும் 90,000, 4 லட்சம் ரூபாய் இயந்திரங்கள் ஐந்தாண்டு உழைக்கும் என்றால் ஆண்டுத் தேய்மானம் 80,000, உரிமம், தணிக்கை போன்றவற்றுக்கு 15,000. இவற்றோடு, மாதம் 25,000 வாங்கும் உங்கள் ஒருங்கிணைப்பாளர் தம் நேரத்தில் கால்வாசியை மாவு வேலைக்குச் செலவிடுவார். அவருடைய சம்பளத்தை ஏதோ ஒரு நன்கொடைத் திட்டம் கொடுப்பதால் அந்த 75,000 ரூபாய் யார் கண்ணிலும் படுவதில்லை. எல்லாம் சேர்ந்து 4.4 லட்சம். ஆக, 24 லட்சம் விற்றும் 1.4 லட்சம் நட்டம். அந்த நட்டத்தை நன்கொடைப் பணம்தான் சத்தமில்லாமல் அடைக்கிறது. குறைக்க விரும்பிய சார்பு இப்படிக் கூடுகிறது.

இதே கணக்கில் நட்டமில்லாமல் நிற்கவே 35.2 லட்சத்துக்கு விற்க வேண்டும். 5 லட்சம் மிஞ்ச வேண்டுமானால் 75 லட்சத்துக்கு மேல். கூலியைக் குறைத்தால் மிச்சம் காட்டலாம் என்ற யோசனை கூட்டத்தில் நிச்சயம் எழும். மகளிர் வாழ்வாதாரத்துக்காக நடக்கும் அமைப்பு அந்த வழியில் போவது முறையல்ல என்பது என் கருத்து. குறைக்கக்கூடியது கடைக் கழிவும் பொட்டலச் செலவும்தான். விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் மூட்டையாக நேரடியாகக் கொடுத்தால் நூற்றுக்கு 12.5 ஆக இருந்த மிச்சத்தை 22 வரை உயர்த்த வாய்ப்புண்டு. அப்போது நட்டமற்ற நிலை 20 லட்சம் விற்பனையிலேயே வந்துவிடும்.

அந்த 20 லட்சம் வேறொரு காரணத்தாலும் உங்களுக்கு முக்கியமான எல்லை. வருமான வரிச் சட்டம் ஏழைகளுக்கு உதவுதல், கல்வி, மருத்துவம் போன்ற நோக்கங்களை ஒருவகையாகவும், "பொதுப் பயன்பாடு சார்ந்த பிற நோக்கம்" என்பதை மற்றொரு வகையாகவும் பார்க்கிறது. இரண்டாம் வகையில் வரும் அறக்கட்டளையின் வணிக வரவு, நோக்கத்தை நிறைவேற்றும் போக்கில் வருவதாக இருப்பதோடு, அந்த ஆண்டின் மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது. இங்கே பார்க்கப்படுவது லாபமன்று, மொத்த வரவு. 80 லட்சம் பிற வரவு இருக்கும்போது 20 லட்சம் விற்றால் சரியாக 20 விழுக்காடு. 24 லட்சம் விற்றால் 23 விழுக்காடு. தாண்டிய ஆண்டில் நன்கொடை வரவுக்கு உரிய வரிவிலக்கும் சேர்ந்து போய்விடும். முதல் வகையில் வருபவர்களுக்கு இந்த உச்சவரம்பு இல்லை. ஆனால் வணிகம் நோக்கத்துக்குத் துணையானதாக இருக்க வேண்டும், தனிக் கணக்கேடுகளும் வைக்க வேண்டும். தவறினால் பதிவே ரத்தாகக்கூடும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறினாலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆகையால் இயந்திரம் வாங்கும் முன், அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கப் பகுதியைத் தணிக்கையாளரிடம் கொடுத்து, நீங்கள் எந்த வகை என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். "மகளிர் மேம்பாடு" என்று பொதுவாக எழுதியிருப்பதும், "வறிய பெண்களுக்கு வாழ்வாதாரம்" என்று எழுதியிருப்பதும் வரி அதிகாரியின் பார்வையில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது நடைமுறை மூலதனம். விடுதிகள் பணத்தை இரண்டு மாதம் கழித்துத்தான் கொடுக்கும் என்றால், 20 லட்சம் விற்பனையில் எந்நேரமும் சுமார் 3.3 லட்சம் வெளியே நிற்கும். இரண்டு மாதத் தானிய இருப்புக்கு ஏறத்தாழ 1.8 லட்சம் முடங்கும். இந்த 5 லட்சம் எங்கிருந்து வரும் என்பதைப் பட்ஜெட்டிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது திட்டக் கணக்குகளிலிருந்து "தற்காலிகமாக" எடுக்கப்படும். ஏட்டில் லாபம் தெரிந்தும் பொதுக் கணக்கின் வங்கி இருப்பு மாதாமாதம் குறைந்தால் இதுதான் நடக்கிறது என்று அறியலாம். வெளிநாட்டு நன்கொடைக் கணக்கை மட்டும் எக்காரணத்துக்காகவும் இதில் தொடாதீர்கள். அந்தப் பணத்திலிருந்து கிடைக்கும் வருமானத்தையும் சட்டம் வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதுகிறது. எனவே அதில் வாங்கிய அரவை இயந்திரத்தை விற்பனை வேலைக்குப் பயன்படுத்தினால், வருவாயைப் பிரித்துக்காட்டுவது பெருஞ்சிக்கலாகிவிடும். மூன்று நன்கொடையாளர்களில் ஒருவரிடம் உள்நாட்டுப் பணமாக, இந்த நோக்கத்துக்கென்றே ஒருமுறை நிதி கேட்டுப் பெறுவது நேர்வழி.

பயிற்சிக் கட்டணத்துக்கு வருவோம். கேள்வியின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட அதுதான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. 30 பேருக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு 36,000 ரூபாய் கட்டணம் பெற்று, உணவு, இடம், பயிற்றுநரின் நேரம் உட்பட 20,000 செலவானால் 16,000 மிஞ்சும். ஆண்டுக்குப் பத்துப் பயிற்சிகள் நடந்தால் 1.6 லட்சம். இருப்பு இல்லை, பூச்சி அரிப்பதில்லை, முன்பணமும் கேட்கலாம். இத்தகைய விவாதங்களில் எல்லோரும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைக் காட்டுவார்கள். 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அது, கட்டணம் செலுத்தும் நோயாளிகளின் வரவைக் கொண்டு கட்டணமில்லாச் சிகிச்சையையும் நடத்தியது. இரு தரப்பினருக்கும் அது கொடுத்தது, தனக்கு நன்கு தெரிந்த அதே கண் சிகிச்சையைத்தான். புதிதாக ஒரு தொழிலைக் கற்கவில்லை என்பதை அந்த உதாரணத்தைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கு நன்கு தெரிந்தது குழுக்களை நடத்துவதும் பயிற்றுவிப்பதும். உணவுப் பொருள் சந்தை புதிது.

பயிற்சியில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மேலே சொன்ன 20 விழுக்காட்டு வரம்பு உங்களுக்குப் பொருந்துமானால் இந்தக் கட்டணமும் மாவு விற்பனையோடு கூட்டப்படலாம். ஜி.எஸ்.டி.யில், தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு 40 லட்சம். சேவையும் சேர்ந்தால் அது 20 லட்சமாக இறங்கிவிடுகிறது. 20 லட்சத்துக்கு மாவும் 3.6 லட்சத்துக்குப் பயிற்சியும் என்றால் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பீர்கள்.

இனிப் பட்ஜெட்டை எழுதும் முறை. மாவுப் பிரிவுக்கும் பயிற்சிக்கும் தனித்தனி இணைப்புத் தாள்கள் இருக்கட்டும். முதன்மைப் பட்ஜெட்டில் அவற்றிலிருந்து வருவது ஒரே வரி: சென்ற ஆண்டுத் தணிக்கையில் உறுதியான நிகர மிச்சம். தொடங்கும் ஆண்டில் அந்த வரியில் பூஜ்யமே இருக்கும். எதிர்பார்ப்பை வரவாக எழுதி, அதை நம்பி ஆள் நியமித்த அமைப்புகள்தான் பிப்ரவரியில் தவிக்கின்றன. நட்டம் எதிர்பார்க்கப்பட்டால் அதை யார் ஏற்பது என்பதைச் செலவுப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதுங்கள்.

சார்பு குறைகிறதா என்பதை அளக்க நன்கொடை விழுக்காட்டைவிட நம்பகமான அளவுகோல் ஒன்று உண்டு. எந்தத் திட்டமும் இல்லாவிட்டாலும் அலுவலகம் நடக்கத் தேவையான அடிப்படைச் செலவு ஆண்டுக்கு 18 லட்சம் என்றால், மாதம் 1.5 லட்சம். பயிற்சியில் கிடைக்கும் 1.6 லட்சம் ஒரு மாதத்தைச் சற்றே தாண்டித் தாங்கும். 20 லட்சம் விற்ற மாவு ஒரு நாளைக்கூடத் தாங்காது, ஆனால் பெண்களுக்கு 3.5 லட்சம் கூலி தரும். ஆகவே மாவை வாழ்வாதாரத் திட்டமாகவும் பயிற்சியை வருவாய் வழியாகவும் பிரித்துப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன். இரண்டையும் ஒரே எதிர்பார்ப்போடு நடத்தினால் கூலிக்கும் மிச்சத்துக்கும் இடையிலான இழுபறி ஓயாது.

மாவு வியாபாரம் வரம்பைத் தாண்டி வளருமானால், அறக்கட்டளையே தனியார் நிறுவனம் ஒன்றைத் தொடங்கிப் பங்கு வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அறக்கட்டளைப் பணத்தை முதலீடு செய்ய வரிச்சட்டம் அனுமதிக்கும் வழிகளில் அத்தகைய பங்குகள் இல்லை, விலக்கு பறிபோகும். பெண்களே பங்குதாரர்களாக இருக்கும் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ பொருத்தமானது. லாபம் அப்போது அவர்களுடையது; உங்களுக்கு உரியது, நீங்கள் செய்து கொடுக்கும் பணிக்கான கட்டணம் மட்டுமே.

தொடங்குவதற்கு முன்பே நிறுத்தும் நிபந்தனையையும் தீர்மானமாக எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒருங்கிணைப்பாளரின் நேரத்தையும் சேர்த்த கணக்கு அறங்காவலர்கள் முன் வர வேண்டும். இரண்டாம் ஆண்டின் முடிவிலும் விற்பனையில் நூற்றுக்கு 20 ரூபாய்கூட நிற்காவிட்டால், அல்லது 90 நாளுக்கு மேல் வராத பாக்கி மொத்தப் பாக்கியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இயந்திரங்களைக் குழுக் கூட்டமைப்புக்கு உரிய மதிப்பில் மாற்றிக்கொடுத்து விலகுவது என்று அதில் இருக்கட்டும்.