"பார்ட்ஸ் வரவில்லை" என்ற புகாரை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஆனால் அதன் பொருள்களைப் பற்றி இணையத்தில் ஏகப்பட்ட புகார்கள். இவற்றை வைத்து அங்கே வேலை நிலைக்குமா என்று சொல்ல முடியுமா?

ஓரளவு சொல்லலாம். ஆனால் எத்தனை புகார், சராசரியாக எத்தனை நட்சத்திரம் என்று பார்த்தால் பெரும்பாலும் ஏமாந்துதான் போவீர்கள். புகார் எதைப் பற்றியது, எந்த மாதத்தில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

நான் ஒன்பது ஆண்டுகள் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் ஒன்றின் சர்வீஸ் பிரிவில் இருந்தவன். எங்களுக்குச் சம்பளம் தாமதமாகத் தொடங்கியதற்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன்பே வாடிக்கையாளர்களின் புகார் மாறியிருந்தது. அதுவரை "மெக்கானிக் சரியாகப் பார்க்கவில்லை", "சத்தம் வருகிறது" என்று எழுதியவர்கள், "பார்ட்ஸ் வரவில்லை என்று மூன்று வாரமாகச் சொல்கிறார்கள்" என்று எழுதத் தொடங்கினார்கள். காரணம் எளியது: கையில் பணம் குறையும்போது ஒரு நிறுவனம் சம்பளத்தையும் வங்கித் தவணையையும் கடைசிவரை காப்பாற்றிக்கொண்டு, உதிரிபாகம் தருபவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியைத்தான் முதலில் தள்ளிப்போடும். அதே நேரத்தில் "திருப்பித் தர வேண்டிய பணம் வரவில்லை" என்ற புகாரும் கூடினால் எனக்குச் சந்தேகமே இருக்காது. பொருளின் தரம் பற்றிய புகாரை அடுத்த மாடலில் சரிசெய்துவிடலாம். பணம் இல்லாததை அப்படிச் சரிசெய்ய முடியாது.

உதிரிபாகம் வராததற்கு வேறு காரணமும் உண்டு: சர்வீஸ் வசதி வளர்வதைவிட வேகமாக விற்பனை வளர்ந்துவிடுவது. இதற்குப் பொதுவெளியில் உள்ள உதாரணம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை வைத்து மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓலா எலக்ட்ரிக். 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அந்த நிறுவனத்தின் மீது 10,644 புகார்கள் வந்தன. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99 சதவீதத்துக்கும் மேல் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது.

10,644 என்பது பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் 2023-24 நிதியாண்டில் அவர்கள் விற்றது ஏறத்தாழ 3.3 லட்சம் ஸ்கூட்டர். அதோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு மூன்று. அரசு எண்ணுக்கு அழைக்கும் அளவுக்குப் போனவர்கள் மட்டுமே இதில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கண்ணில் பட்டது மொத்த எண்ணிக்கை அல்ல. அதில் 3,389 புகார்கள், அதாவது மூன்றில் ஒரு பங்கு, சர்வீஸ் தாமதம் பற்றியவை. இந்த நிறுவனம் டீலர்கள் இல்லாமல் சொந்தக் கடைகள் வழியாகவே விற்றது. சர்வீஸில் ஏற்படும் நெருக்கடியைத் தாங்க நடுவில் டீலர் இல்லாததால், செலவும் கெட்ட பெயரும் நேராக நிறுவனத்தின் தலையில் விழுந்தன.

இதை விற்பனையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வாகனங்களுக்கு இது எளிது. மத்திய அரசின் 'வாகன்' தளத்தில் மாதவாரியான பதிவு எண்ணிக்கையை யாரும் பார்க்கலாம். 2024 மார்ச்சில் 50,000-ஐத் தாண்டிய அவர்களின் பதிவு, செப்டம்பரில் 25,000-க்கும் கீழே வந்தது. மார்ச் முடிவில் பழைய மானியத் திட்டம் முடிந்ததால் அந்த மாதத்தில் கூட்டம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் மின்சார ஸ்கூட்டர் விற்பனையில் பஜாஜ் முதலிடத்துக்கு வந்து, ஓலா மூன்றாமிடத்துக்குப் போனதை மானியத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. 2024 நவம்பரில் சுமார் 500 பேரையும், 2025 மார்ச்சில் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 1,000-க்கும் அதிகமானோரையும் குறைப்பதாகச் செய்திகள் வந்தன. குறைக்கப்படுவதாகச் சொல்லப்பட்ட பிரிவுகளில் வாடிக்கையாளர் தொடர்பும் ஒன்று. நிறுவனம் மூடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நிறுவனம் நிற்குமா என்பதும் உங்களுக்குத் தரப்போகும் நாற்காலி நிற்குமா என்பதும் வேறு வேறு கேள்விகள்.

ஆகவே உங்களுக்கு அழைப்பு தந்த நிறுவனத்தின் ரிவியூக்களை, 'புதியவை முதலில்' என்று வரிசைப்படுத்தி, கூகுள் மேப்பில் மூன்று நான்கு ஊர்களின் சர்வீஸ் சென்டர் பக்கங்களில் படியுங்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருப்பதைப் படிக்க வேண்டாம். ஒன்று, இரண்டு நட்சத்திரப் புகார்களில் நூறு எடுத்து, சென்ற ஆண்டின் இதே மாதங்களில் ஐம்பது, இந்த ஆண்டில் ஐம்பது எனப் பிரித்து, பணம், உதிரிபாகம், தரம், ஊழியரின் நடத்தை என நான்கு தலைப்பில் கோடு போட்டு எண்ணுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வாசகங்களோடு ஐந்து நட்சத்திரங்கள் குவிந்திருந்தால் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். முதல் இரண்டு தலைப்புகளும் பல ஊர்களில் ஒன்றாக ஏறியிருந்தால் நான் அந்த வேலைக்குப் போக மாட்டேன். ஒரே ஒரு ஊரில் மட்டும் ஏறியிருந்தால் அது அந்தக் கிளை மேலாளரின் பிரச்சினையாக இருக்கலாம்.

மற்ற நிறுவனங்களுக்குச் சேவை தரும் நிறுவனம் என்றால் இந்த வழி உதவாது. அவர்களின் வாடிக்கையாளர்கள் பொதுவெளியில் புகார் எழுதுவதில்லை.