600 வீடு கேட்டும் 150 வீட்டுக் கணக்குதானா?

கேள்வி: எங்கள் வட்டத்தில் 20 கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, ஊருக்கு 30 வீடு வீதம் 600 வீடுகளில் குடிநீர்க் குழாய் இணைப்பு இருக்கிறதா என்று கேட்டோம். 52 சதவீதம் வீடுகளில் இருக்கிறது. பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 4 புள்ளி என்று எழுதினேன். அறிக்கையைப் படித்தவர், "உங்கள் சாம்பிள் 600 இல்லை, 150 சொச்சம்தான்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு வீட்டை இரண்டு தடவை கேட்கவே இல்லையே? ஊர்வாரிக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்: அவர் சொன்னது சரிதான். குழாய் இணைப்பு வீட்டுக்கு வீடு தனியாக முடிவாகிற விஷயமில்லை. மேல்நிலைத் தொட்டி கட்டி, தெருவில் குழாய் பதித்துவிட்டால் அந்தத் தெருவில் பெரும்பாலான வீடுகளுக்கு இணைப்பு வந்துவிடும். குழாய் எட்டாத காலனியில் யாருக்குமே இருக்காது. அதனால் ஓர் ஊரில் முதல் பத்து வீட்டைக் கேட்டதுமே நிலவரம் பாதிக்கு மேல் தெரிந்துவிடுகிறது. அப்புறம் கேட்கிற 20 வீடு புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான்.

இது உங்கள் கணக்கிலேயே தெரிகிறது. இந்த 600 வீடுகளும் வட்டம் முழுக்கக் கலந்து எடுத்தவையாக இருந்து, அவற்றை 30, 30 ஆகப் பிரித்தால், அந்த 20 சதவீதங்களும் தற்செயலால் மட்டும் கொஞ்சம் வேறுபடும். அப்போது அவற்றின் திட்ட விலக்கம் 9 புள்ளி அளவில் இருக்கும். நீங்கள் அனுப்பிய 20 ஊர்ச் சதவீதங்களுக்கு எக்ஸெலில் போட்டுப் பார்த்தேன். 18 புள்ளி வருகிறது. விலக்கம் இரண்டு மடங்கு என்றால் மாறுபாடு நான்கு மடங்கு. தசமங்களோடு போட்டால் 3.9. இதுதான் டிசைன் எஃபெக்ட். 600-ஐ 3.9-ஆல் வகுத்தால் 154. குலுக்கல் முறையில் தனித்தனியாக எடுத்த 154 வீடுகள் எவ்வளவு துல்லியம் தருமோ, அவ்வளவைத்தான் உங்கள் 600 வீடு தருகிறது. இந்த 154-ஐத்தான் எஃபெக்டிவ் சாம்பிள் என்பார்கள்.

பிழை வரம்பையும் நேராகவே போடலாம். 18-ஐ 20-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 4 புள்ளி. 20 ஊர்தான் என்பதால் அதை 1.96-க்குப் பதில் 2.09-ஆல் பெருக்குங்கள், 8.4 வரும். 52 சதவீதம், கூட்டியோ குறைத்தோ 8 புள்ளி என்று திருத்தி அனுப்பலாம். மக்கள்தொகைக்கு ஏற்ற வாய்ப்பில் ஊர்களைத் தேர்ந்தெடுத்து, எல்லா ஊரிலும் ஒரே எண்ணிக்கையில் கேட்டிருந்தால் இந்தக் குறுக்கு வழி போதும். இல்லையென்றால் எடைகளோடு ஆர் மென்பொருளில் இப்படி:

```r
library(survey)
d1 <- svydesign(ids = ~village, weights = ~wt, data = d)
svymean(~tap, d1, deff = "replace")
```

அடுத்த சர்வேக்கு உதவுகிற சூத்திரம் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் தந்தது: deff = 1 + (m − 1)ρ. deff என்பது டிசைன் எஃபெக்ட். m என்பது ஓர் ஊரில் கேட்கிற வீடுகள். ρ என்பது ஒரே ஊர்க்காரர்களின் பதில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதன் அளவு. உங்களுக்கு அது 0.1. இதே 20 ஊரில் 60 வீடு வீதம் 1,200 வீடு கேட்டால் டிசைன் எஃபெக்ட் 6.9 ஆகும், எஃபெக்டிவ் சாம்பிள் 174-தான். உழைப்பு இரட்டிப்பாகியும் கிடைப்பது 20 வீட்டுக் கணக்கு. ஊரில் உள்ள எல்லா வீட்டையும் கேட்டாலும் 20-ஐ 0.1-ஆல் வகுத்த 200-ஐத் தாண்டாது. அதே 600 வீட்டை 60 ஊரில் பத்துப் பத்தாகக் கேட்டால் 316 கிடைக்கும். பெட்ரோல் செலவு கூடும்தான். ஆனாலும் காசு இருந்தால் ஊர்களைக் கூட்டுங்கள், வீடுகளை அல்ல.

"டிசைன் எஃபெக்ட் 2 என்று வைத்துக்கொள்" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய தடுப்பூசிச் சர்வே முறையில் வருகிற எண் அது. பத்து புள்ளி பிழை வரம்புக்கு 96 குழந்தைகள் வேண்டும். அதை இரட்டித்து 192. 30 கிளஸ்டருக்குப் பிரித்து முழுமையாக்கினால் ஏழு ஏழாக 210. அங்கே ஓர் ஊருக்கு ஏழே குழந்தைகள். அதே அளவு ஒத்துப்போகிற விஷயத்தை ஊருக்கு 30 வீடு வீதம் கேட்டால் 2 என்பது கிட்டத்தட்ட 6 ஆகிவிடும்.

இன்னொன்று, ஒரே சர்வேயில் கேள்விக்குக் கேள்வி இது மாறும். வீட்டில் பதிலளித்தவர் ஆணா பெண்ணா என்பதற்கு 1-ஐ ஒட்டியே இருக்கும். கழிப்பறை, சாலை, தண்ணீர் போன்றவற்றுக்கு எகிறும். ஆகவே உங்கள் அறிக்கையில் 154 என்பதைக் குழாய்க் கேள்விக்கு மட்டும் போடுங்கள், மற்றவற்றுக்குத் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். பழைய சர்வேயிலிருந்து எண் எடுப்பதாக இருந்தால் தலைப்பைக் கவனியுங்கள்: டிஎச்எஸ் எனப்படும் மக்கள்தொகை, சுகாதாரச் சர்வே அறிக்கைகளின் பின்னிணைப்பில் DEFT என்று இருப்பது டிசைன் எஃபெக்டின் வர்க்கமூலம். 1.5 என்று இருந்தால், சாம்பிளைப் பெருக்க வேண்டியது 2.25-ஆல்.