நாற்பது வீடுகளும் நாற்பது பேரும்

கேள்வி: ஐயா, பட்டர்வொர்த்தில் பகுதி நேர நிருபராக இருக்கிறேன். எங்கள் பகுதி அடுக்குமாடியில் டிங்கி பரவியதைப் பற்றி எழுதிய செய்தியில் ஆசிரியர் பாதியை அடித்துவிட்டார். தலைப்பையும் மாற்றச் சொல்கிறார். நான் நேரில் போய்ப் பார்த்தேன், மக்கள் சொன்னதைத்தான் எழுதினேன். உண்மையை எழுதினாலும் வெட்டுவதா? என் நகலையும் குறிப்பேட்டுப் பக்கங்களையும் அனுப்பியுள்ளேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

பதில்: பார்த்தேன், தம்பி. குறிப்பேட்டையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. உங்களுக்கு எதிரான சாட்சி அதில்தான் இருக்கிறது.

தலைப்பிலிருந்து தொடங்குகிறேன். “அடுக்குமாடியில் டிங்கிப் பேயாட்டம்: 40 பேர் பாதிப்பு, மூதாட்டி பலி! ஊராட்சி மன்றம் தூங்குகிறதா?” இதை மட்டும் படித்தவர் எதையெல்லாம் உண்மை என்று நம்புவார்? நாற்பது பேருக்கு டிங்கி வந்தது, ஒருவர் டிங்கியால் இறந்தார், ஊராட்சி மன்றம் கடமை தவறியது என்று மூன்றையும் நம்புவார். வாட்ஸ்அப்பில் பலரிடம் போய்ச் சேர்வதும் இந்த ஒரு வரிதான். ஆகவே இம்மூன்றுக்கும் உள்ளே ஆதாரம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேடினேன்.

நாற்பதை எடுத்துக்கொள்வோம். நகலின் மூன்றாவது பத்தியில், “ஏறக்குறைய 40 பேர் டிங்கியால் பாதிக்கப்பட்டுள்ளதாகக் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் கூறினார்” என்று எழுதியிருக்கிறீர்கள். பெயரும் பொறுப்பும் தெரிந்த ஒருவர் சொன்னதாகத்தான் இருக்கிறது, மேலோட்டமாகப் பார்த்தால் குறையில்லை. ஆனால் உங்கள் குறிப்பேட்டில் அவர் சொன்னதாக இருப்பது வேறு: “நாற்பது வீட்டில் காய்ச்சல் வந்து போயிருக்கிறது.” வீடுகள் ஆட்களாகிவிட்டன, காய்ச்சல் டிங்கியாகிவிட்டது. எத்தனை வாரக் கணக்கு என்று நீங்கள் அவரிடம் கேட்கவே இல்லை. அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்துவிட்டீர்கள். பொய் சொல்லும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு குறிப்பைச் செய்தியாக்கும் அவசரத்தில் இது நடக்கிறது. அதனால்தான் ஒவ்வோர் எண்ணையும் நகலிலிருந்து குறிப்பேட்டுக்குத் திரும்பிப் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

டிங்கியா இல்லையா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். காய்ச்சலின் முதல் சில நாட்களில் என்எஸ்1 பரிசோதனை செய்வார்கள். டிங்கி என்று ஒரு மருத்துவர் கண்டால் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது இந்நாட்டு விதி, தனியார் கிளினிக்குக்கும் இது பொருந்தும். ஆகவே பதிவான எண்ணிக்கை மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் இருக்கும். “இந்தக் குடியிருப்பில், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எத்தனை பேர் பதிவாகியிருக்கிறார்கள்?” என்று கேட்டால் போதும். அந்த எண் 6 என்று வந்தாலும் செயலாளர் பொய் சொன்னார் என்று ஆகாது. கிளினிக்குக்கே போகாமல் வீட்டில் கஞ்சி குடித்துப் படுத்துத் தேறியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். இரண்டு எண்களையும் போடலாம், எது யாருடைய கணக்கு என்று சொல்லிப் போட வேண்டும்.

இரண்டாவது, அந்த மூதாட்டி. இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. “டிங்கியால் இறந்ததாகக் கூறப்படுகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். கூறியது யார்? நம் மொழியில் ‘கூறப்படுகிறது’, ‘தெரிய வருகிறது’, ‘நம்பப்படுகிறது’ என்று சில சொற்கள் இருக்கின்றன. சொன்னவரைக் காட்டாமலேயே வாக்கியம் முடிந்துவிடும். இலக்கணப்படி பிழையில்லாததால் கண்ணிலும் படாது. உங்கள் குறிப்பேட்டின்படி, சொன்னவர் இரண்டு மாடி கீழே குடியிருக்கும் ஓர் அம்மா. அவருக்கும் யாரோ சொன்னார்களாம். இறந்தவரின் வீட்டுக் கதவை நீங்கள் தட்டவில்லை. தலைப்புக்கு ஏறும்போது அந்தக் ‘கூறப்படுகிறது’ கூட உதிர்ந்து, ‘பலி’ மட்டும் நின்றுவிட்டது. பாட்டியைப் பறிகொடுத்த பேரன் காலையில் உணவுக்கடையில் பேப்பரைப் பிரித்து இதைப் படித்தால் என்ன ஆவான் என்று எண்ணிப் பாருங்கள்.

டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரமாக இருக்கலாம். ஆகவே “காய்ச்சல் விட்டிருந்தது” என்று ஒருவர் சொல்வதை வைத்து டிங்கி இல்லை என்றும் தீர்மானிக்க முடியாது, ஆமென்றும் சொல்ல முடியாது. குடும்பத்தார் பேச முன்வந்தால், அடக்க அனுமதிப் பத்திரத்தில் மரணக் காரணமாக என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். மருத்துவமனையோ சுகாதார அலுவலகமோ உறுதி செய்யட்டும். அதுவரை இந்தப் பத்தி முழுவதும் வெளியே இருக்க வேண்டும். சொற்களை மென்மையாக்கி உள்ளே வைப்பதும் கூடாது. வதந்தியை ‘வதந்தி’ என்று சொல்லி அச்சிட்டாலும் பரப்புவது நாம்தான். அவதூறு வழக்கில், இன்னொருவர் சொன்னதைத்தான் எழுதினேன் என்பது காப்பாற்றாது.

மூன்றாவது பழிக்கு வருவோம். “விளக்கம் தர ஊராட்சி மன்றம் மறுத்துவிட்டது” என்கிறீர்கள். குறிப்பேட்டில் இருப்பது ‘வெள்ளி 5.40, எடுக்கவில்லை’. அலுவலகம் மூடிய நேரத்தில் ஒரே ஓர் அழைப்பு! ‘மறுத்தது’ என்றால் கேள்வி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்து, பதில் சொல்ல மாட்டோம் என்றார்கள் என்று பொருள். தொலைபேசி எடுக்கப்படாதது மறுப்பு ஆகாது. ‘ஒப்புக்கொண்டார்’, ‘மழுப்பினார்’ என்பவையும் இதே வகைதான். ‘கூறினார்’ என்று எழுதினால் சொன்னதை மட்டும் சொல்கிறோம், மற்றவற்றை எழுதினால் தீர்ப்பும் சொல்கிறோம். அதோடு, பழி சரியான இடத்துக்குத்தான் போகிறதா? புகை அடிக்கும் வேலையில் சுகாதார அலுவலகத்துக்கும் பங்கு உண்டு. அடுக்குமாடியின் படிக்கட்டு, நடைபாதை போன்ற பொது இடங்களைப் பராமரிப்பது பெரும்பாலும் அங்குள்ள நிர்வாக மன்றம். அவர்களிடம் நீங்கள் பேசவே இல்லை. கேள்விக்குறி போட்டுவிட்டோம் என்று தலைப்பைக் காப்பாற்றவும் பார்க்காதீர்கள். ‘தூங்குகிறதா?’ என்று படிப்பவர் காதில் ‘தூங்குகிறது’ என்றுதான் விழும்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். உங்கள் ஒன்பதாவது பத்தி அருமை. ஐந்தாவது மாடிப் படிக்கட்டருகே மூடியில்லாத நீலப் பீப்பாய், அதில் பாதி தண்ணீர், நெளியும் புழுக்கள், தேதியோடு நீங்கள் எடுத்த படம். இதற்கு யாருடைய சொல்லும் தேவையில்லை. நீங்களே கண்ட சாட்சி. அதைக் கடைசியில் கொண்டுபோய் ஒளித்துவிட்டு, கேள்விப்பட்டதை மேலே தூக்கி வைத்திருக்கிறீர்கள். ஒரே திருத்தம்: ‘ஏடிஸ் புழுக்கள்’ என்று எழுதாதீர்கள். வகையைச் சோதனைச் சாலைதான் சொல்லும். ‘கொசுப்புழுக்கள்’ போதும்.

நான் என்றால் இப்படித் தொடங்குவேன்: “பட்டர்வொர்த் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் ஐந்தாம் மாடியில், மூடப்படாத பீப்பாய்த் தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிவதை நம் நிருபர் சனிக்கிழமை நேரில் கண்டார். அங்கு நாற்பது வீடுகளில் காய்ச்சல் கண்டதாகக் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் கூறினார். அவற்றில் எத்தனை டிங்கி என்பது இன்னும் உறுதியாகவில்லை.” தலைப்பு: “அடுக்குமாடிப் பீப்பாயில் கொசுப்புழு: நாற்பது வீடுகளில் காய்ச்சல் என்கிறது குடியிருப்பாளர் சங்கம்.” இது சப்பென்று இருக்கிறதா? அந்தப் பீப்பாய்க்குப் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதாக நீங்களே குறித்திருக்கிறீர்கள். அந்தத் தாயைக் கேட்டுப் பாருங்கள்.

திங்கட்கிழமை காலை சுகாதார அலுவலகத்தையும், நிர்வாக மன்றத்தையும், ஊராட்சி மன்றத்தையும் அழையுங்கள். கேள்விகளை மின்னஞ்சலிலும் அனுப்பி, எப்போதுக்குள் பதில் வேண்டும் என்று எழுதுங்கள். யாரிடம், எத்தனை மணிக்குப் பேசினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். செயலாளரிடம் திரும்பப் போய், அந்த நாற்பது வீடுகளை எப்படி எண்ணினார் என்று கேளுங்கள். வீட்டு எண்களோடு ஒரு பட்டியல் வைத்திருந்தாலும் வைத்திருப்பார்.