என் தையல் கடை, என் வேலை: நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்

எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தீங்க அக்கா? கடையில என்னென்ன தைப்பீங்க?

மிதி மெஷினில் பழைய போர்வைத் துணியை நேராகத் தைத்துப் பழகியதுதான் ஆரம்பம். முதன்முதலில் அடுத்தவர் துணியை வெட்டினபோது இரண்டு கையும் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டது. கையின் முன்பக்கக் குழிவு பின்பக்கத்தைவிட ஆழம், அதனால் துணியின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி மடித்து வெட்டணும், நான் இரண்டு துண்டையும் நல்ல பக்கம் மேலே இருக்கிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெட்டிவிட்டேன். துணி பத்தாமல், அதே மாதிரி துணி தேடி வாங்கிக் கொடுத்தேன். இன்றைக்கும் கை வெட்டியதும் முன்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

பெண்கள், பிள்ளைகளுக்குப் புதுத்துணி தைப்பேன். ஆனால் பாதி வேலை ஆல்டரேஷன்தான்: பிடிப்பது, விடுவது, ஜிப் மாற்றுவது, பேண்ட் மடிப்பது. எனக்கு அதிகம் பிடித்ததும் அதுதான்.

கையைத் தூக்கினா டாப்ஸ் மொத்தமா மேல ஏறுது. ஆர்ம்ஹோல் சின்னதா இருக்குன்னு நினைக்கிறேன், இன்னும் கொஞ்சம் வெட்டிப் பெருசாக்கித் தருவீங்களா?

வெட்டவே வெட்டாதீர்கள், இன்னும் மோசமாகும். பிடிக்கிறது என்பது சரி, காரணம்தான் பெரும்பாலும் வேறு. ஆர்ம்ஹோல் கீழே இறங்க இறங்க, கையும் பக்கத் துணியும் சேரும் இடம் அக்குளிலிருந்து தள்ளிப் போகிறது, கையைத் தூக்கினால் அது பக்கத் துணியையும் சேர்த்து இழுக்கிறது. கையைத் தொங்கவிட்டு நின்று, அக்குளுக்கும் தையலுக்கும் நடுவில் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் தாராளமாகப் போனால் இறக்கம் அதிகம். விரலே போகாமல் அக்குளை அறுத்தால் மட்டும்தான் சின்னது.

போன மாதம் ஒருவர் கொண்டுவந்ததில் மூன்று விரல் போனது. வெட்டிய துணியை ஒட்ட முடியாதே, அதனால் ஷோல்டரைப் பிரித்து முன்னும் பின்னும் அரை அரை அங்குலம் ஏற்றினேன். ஆர்ம்ஹோல் சுற்று 18 அங்குலத்திலிருந்து 17 ஆனது, கையையும் உள்தையலில் பிடித்து 17-க்குக் கொண்டுவந்து மறுபடி ஏற்றினேன். அவருக்கு மெல்லிய கை, கழுத்தும் அகலம், அதனால் முடிந்தது. கழுத்து அரை அங்குலம் மேலே வந்தது, டாப்ஸ் நீளமும் அவ்வளவு குறைந்தது. இப்போதும் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது, முன்பு இடுப்பு தெரிந்தது, இப்போது தெரிவதில்லை. கழுத்து ஏற்கெனவே சின்னதாக இருந்தால் இந்த வழி சரிவராது. அப்போது அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைக்கலாம், ஆனால் அது வெளியே தெரியும்.

அளவு துணி கொடுத்தாலே போதுமே, எதுக்கு உடம்புல டேப் வைக்கிறீங்க?

அளவு துணியைப் பார்த்துத் தைத்தால் அதிலுள்ள குறையும் சேர்ந்து வந்துவிடும். அதைக் கொடுங்கள், கூடவே எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளவென்று இருக்கிறது என்றும் சொல்லுங்கள். மார்பு, ஷோல்டர், கைச்சுற்று மூன்றையும் நானே எடுத்தால்தான் எனக்கு நிம்மதி.

நான் இருபது வருஷமா சட்டை கட்டிங் பண்றேன். காட்டன் துணியை நனைச்சுத்தான் வெட்டணும்னு நீங்க பிடிவாதமா இருக்கீங்களாம். இப்ப வர்ற துணி நிறைய ஏற்கெனவே சுருக்கி வருது, நனைச்சா புதுத்துணியோட விறைப்பு போயிடும், கட்டிங் சுத்தமா வராது.

விறைப்பு போவது உண்மைதான் அண்ணா, அயர்ன் பண்ணி வெட்டினாலும் பழைய மாதிரி நிற்காது. ஆனாலும் நான் சந்தேகமான துணியில் 10 அங்குலச் சதுரம் ஒன்று வரைந்து, நனைத்துக் காயவைத்து அளப்பேன். அரை அங்குலம் குறைந்தால் 40 அங்குல டாப்ஸில் 2 அங்குலம் போய்விடும் இல்லையா? குறையாத துணியை நனைக்காமல் வெட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே துவைப்பில் முழுதாகச் சுருங்கிவிடுமா, அடுத்தடுத்த துவைப்பிலும் சுருங்குமா என்பது துணிக்குத் துணி மாறுகிறது, அங்கே உங்கள் அனுபவம் என்ன சொல்கிறது?

கடை எத்தனை மணி வரைக்கும்னு கேக்க வந்தேன், ஆனா அதுக்கு முன்னாடி, என் வீட்டு மெஷின்ல அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தா வருது. பாபின் மாத்தியும் சரியாகல.

அடியில் கொத்தாக வந்தால் பெரும்பாலும் மேல் நூலில்தான் கோளாறு. மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் காலைத் தூக்கி வைத்துவிட்டு நூலை முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். கால் இறங்கியிருக்கும்போது டென்ஷன் தட்டுகள் இறுகியிருக்கும், நூல் நடுவில் உட்காராமல் மேலேயே நழுவிப்போகும். மேலும் கீழும் போய்வரும் கொக்கியில் நூல் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படியும் வந்தால் மெஷினைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

சாட்டின் கவுன் ஒண்ணு டைட்டா இருக்கு, உள்ள துணி விட்டிருக்காங்க. பிரிச்சு விடலாமா?

விடலாம், ஆனால் பழைய ஊசி ஓட்டைகள் சாட்டினில் அநேகமாக மறையாது. முதலில் உள்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில் நான்கு தையல் மட்டும் பிரித்து, துணி வைத்து லேசாக அயர்ன் பண்ணிக் காட்டுவேன். கோடு தெரிந்தால் பக்கத் தையல்மேல் ஒரு பட்டி வைத்து மறைப்பதா, அப்படியே விடுவதா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். அதற்கப்புறம்தான் மீதியைப் பிரிப்பேன்.