குடத்தின் மேற்பரப்பும் கனவளவும்: கேள்வி பதில்

கொட்டாஞ்சேனையில் முலாம் பூசும் பட்டறை நடத்துபவர்: ஐயா, கோவில் குடம் ஒன்றின் வெளிப்புறத்துக்கு வெள்ளி முலாம் பூச வேண்டியிருந்தது. 4 சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை சுற்றளவை எடுத்து, அதை 4 ஆல் பெருக்கிக் கூட்டினேன். கணக்குப்படி எடுத்த வெள்ளி போதவில்லை. அடியிலிருந்து வாய் வரை ஆரைகள் 6, 10, 12, 12.5, 11, 7, 5 சென்ரிமீற்றர்.

அளவுகளில் பிழையில்லை, பெருக்கிய உயரத்தில்தான் பிழை இருக்கிறது. சுற்றளவை நிலைக்குத்து உயரத்தால் பெருக்கும்போது, குடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நேரான வளையங்களாக எண்ணிவிடுகிறீர்கள். குடத்தின் வயிற்றருகில் அது ஏறக்குறையச் சரி. ஆனால் ஆரை 11 இலிருந்து 7 ஆகக் குறுகும் தோளைப் பாருங்கள். அங்கே 4 சென்ரிமீற்றர் மேலே ஏறும்போது மேற்பரப்பு 4 சென்ரிமீற்றர் உள்ளேயும் சாய்கிறது. ஆகவே தகட்டின் வழியே உள்ள நீளம் 4 அல்ல, 5.66. அந்த ஒரு துண்டுக்கு உங்கள் முறை 226 சதுர சென்ரிமீற்றர் தருகிறது. கூம்பின் அடித்துண்டாகக் கொண்டால் 320 வருகிறது.

ஆறு துண்டுகளையும் இப்படிச் சாய்வு நீளத்தால் பெருக்கிக் கூட்டினால் பக்க மேற்பரப்பு 1708 சதுர சென்ரிமீற்றர். உங்கள் முறையில் 1458. தட்டையான அடிக்கு இரண்டிலும் 113 சேர்க்க வேண்டும். பூச்சு 10 மைக்ரோன் தடிப்பு என்று வைத்துக்கொண்டால், வெள்ளியின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய 10.5 கிராம் என்பதால், 19 கிராம் தேவைப்படும் இடத்தில் நீங்கள் 16.5 கிராமுக்குத்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள்.

விரிதாளில் A நிரலில் உயரத்தையும் B நிரலில் ஆரையையும் இட்டால், ஒரு துண்டின் மேற்பரப்புக்கும் கனவளவுக்கும் இந்த இரண்டு வரிகளே போதும்:

```
=PI()*(B2+B3)*SQRT((B3-B2)^2+(A3-A2)^2)
=PI()*(A3-A2)*(B2^2+B2*B3+B3^2)/3
```

அதே பட்டறையில் வேலை செய்யும் அவருடைய மருமகன்: 4 சென்ரிமீற்றருக்குப் பதிலாக ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு தடவை அளந்திருந்தால் மாமாவின் முறையே சரியாக வந்திருக்குமே?

கனவளவுக்கு நீங்கள் சொல்வது சரி, மேற்பரப்புக்குச் சரியல்ல. 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள கோளம் ஒன்றை எடுங்கள். அதன் மேற்பரப்பு 1257 சதுர சென்ரிமீற்றர். நேரான வளையங்களாக வெட்டிக் கூட்டினால், எவ்வளவு மெல்லிதாக வெட்டினாலும் விடை 987 ஐ நோக்கித்தான் போகும். அதைத் தாண்டி 1257 ஐ ஒருபோதும் எட்டாது. துண்டு மெல்லிதாகும்போது, படிக்கட்டு போன்ற வளையத்துக்கும் உண்மையான வளைவுக்கும் இடையில் விடுபடும் மூலையின் கனவளவு துண்டின் கனவளவை விட வேகமாகச் சிறுத்து மறைந்துவிடுகிறது. சாய்வு அப்படி மறைவதில்லை. 45 பாகை சாய்ந்த தகடு ஒரு மில்லிமீற்றர் துண்டிலும் 45 பாகைதான் சாய்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு துண்டிலும் அதே வீதத்தில் குறை ஏற்படுகிறது.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் மாணவி, வெள்ளவத்தை: சேர், அரைக்கோள அடியுள்ள பாத்திரத்துக்கு ஆரையின் வகையீட்டை வைத்துச் செய்து பார்த்தேன். அடிப்புள்ளியில் கணிப்பான் பிழை என்று காட்டுகிறது. அந்தப் புள்ளியை விட்டுவிடலாமா?

விட்டுவிட வேண்டாம், மாறியை மாற்றுங்கள். அடிப்புள்ளியில் மேற்பரப்பு கிடையாக இருப்பதால், உயரத்தைச் சார்ந்த படித்திறன் முடிவிலியாகிறது, ஆரையோ பூச்சியமாகிறது. இரண்டின் பெருக்கம் காகிதத்தில் முடிவுள்ள எண்தான், ஆனால் கணிப்பானுக்கு அது தெரியாது. உயரத்தை மாறியாகக் கொண்டதனால் மட்டுமே இந்தச் சிக்கல் வருகிறது.

அளவுநாடாவை அடியின் நடுவிலிருந்து மேற்பரப்பின் மேலேயே படியவிட்டு, அந்த நாடா நீளத்தையே மாறியாகக் கொள்ளுங்கள். அப்போது மேற்பரப்பு என்பது சுற்றளவை நாடா நீளத்தின் வழியே தொகையிடுவது மட்டுமே. வகையீடும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். பட்டறைக்காரருக்கும் இதுவே சுலபமான வழி. 10 சென்ரிமீற்றர் அரைக்கோளத்தை நாடாவின் வழியே மூன்றே சம துண்டுகளாகப் பிரித்து, சரிவக விதியால் கூட்டினாலும் 614 வருகிறது. உண்மை விடை 628. மூன்று துண்டுகளுக்கு இது மோசமில்லை. கனவளவுக்கு மட்டும் நிலைக்குத்து உயரம் தேவைப்படும் என்பதை மறக்க வேண்டாம்; நாடா நீளத்தை அங்கே இட்டால் கனவளவு கூடிவிடும்.

மென்பொருள் எழுதும் அன்பர் ஒருவர்: நான் சிம்சன் விதியில் ஒரு நிரல் எழுதிக் கோளத்தில் சோதித்தேன். இரண்டே இடைவெளியில் கனவளவு துல்லியமாக வந்தது. ஆகவே நிரல் சரி என்று முடிவு செய்யலாம்தானே?

நிரல் சரியாக இருக்கலாம், ஆனால் அந்தச் சோதனை அதைக் காட்டவில்லை. கோளத்தில் ஆரையின் வர்க்கம் உயரத்தின் இருபடிக் கோவை. சிம்சன் விதி முப்படி வரையிலான கோவைகளை வழுவின்றித் தொகையிடும். கூம்பும் பரவளையக் கிண்ணமும் இப்படியே உங்களை ஏமாற்றும். மேற்பரப்பைப் பற்றி அந்தச் சோதனை எதையுமே சொல்லவில்லை.

நான் பயன்படுத்தும் சோதனை வேறு. ஆரையை உயரத்தின் `COSH` ஆக எடுத்து, உயரம் 0 இலிருந்து 1 வரை கணியுங்கள். அந்த வடிவத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு: பக்க மேற்பரப்பின் எண் கனவளவின் எண்ணைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. கனவளவு 4.4193, மேற்பரப்பு 8.8387. சாய்வைக் கணக்கில் எடுக்க மறந்த நிரல் இங்கே உடனே பிடிபடும்.

முதலில் கேட்டவர் மீண்டும்: சரி, ஐயா. 4 சென்ரிமீற்றர் இடைவெளி போதுமா, இல்லையா என்று எப்படி அறிவது?

உங்கள் அளவுகளிலேயே ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்து, 8 சென்ரிமீற்றர் இடைவெளியில் அதே கணக்கை மறுபடி செய்யுங்கள். பக்க மேற்பரப்பு 1651 வருகிறது. 4 சென்ரிமீற்றரில் 1708. கூம்புத் துண்டு முறையில் இடைவெளியைப் பாதியாக்கினால் வழு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகும். ஆகவே இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 57 இன் மூன்றில் ஒன்றை, அதாவது 19 ஐ, 1708 உடன் கூட்டலாம். 1727 என்பது என் சிறந்த மதிப்பீடு. கனவளவிலும் அப்படியே: கூம்புத் துண்டுகள் 7121, 7460 என்று ஏறுகின்றன, திருத்தினால் 7573 கன சென்ரிமீற்றர். சிம்சன் விதி அதே ஏழு ஆரைகளிலிருந்து 7590 தருகிறது. இரண்டு வழிகளும் இவ்வளவு நெருங்கி வந்தால் இடைவெளி போதும்.

ஒரு நிபந்தனை உண்டு. வளைவு மென்மையாக ஓட வேண்டும். கழுத்து தோளோடு சேரும் இடத்தில் முறிவு இருந்தால், அந்த முறிவின் மேலேயே ஓர் அளவு எடுத்து, கணக்கை அங்கே இரண்டாகப் பிரியுங்கள்.

பாத்திரக் கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர்: இந்த அளவுள்ள குடம் என் கடையிலும் இருக்கிறது. தண்ணீர் நிரப்பி நிறுத்தோம், 7.4 கிலோதான் பிடித்தது. உங்கள் 7.59 லீற்றர் பிழை போலிருக்கிறதே.

இரண்டும் பொருந்துகின்றன, அம்மா. நாடா வெளிப்புறத்தைச் சுற்றியது. தண்ணீரோ உள்ளே இருக்கிறது. தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்பு என்றால், அந்த 1840 சதுர சென்ரிமீற்றர் மேற்பரப்பின் கீழே 184 கன சென்ரிமீற்றர் பித்தளை இருக்கிறது. 7.59 இலிருந்து அதைக் கழித்தால் நீங்கள் நிறுத்த 7.4 வருகிறது.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒருவர்: அப்படியென்றால் தண்ணீரை நிறுத்தே மேற்பரப்பையும் கண்டுவிடலாமே, நாடா எதற்கு?

கண்டுவிட முடியாது, ஒரே கனவளவை எத்தனையோ மேற்பரப்புகள் அடக்கும். ஆனால் ஒரு கீழ் எல்லை கிடைக்கும், அது பயனுள்ளது. ஒரு கனவளவைக் குறைந்த மேற்பரப்பால் மூடுவது கோளம். 7590 கன சென்ரிமீற்றரைக் கொள்ளும் கோளத்துக்கு 1868 சதுர சென்ரிமீற்றர் மேற்பரப்பு உண்டு. பட்டறைக்காரரின் முதற் கணக்கில் அடிக்கு 113 உம், வாயை மூடியதாகக் கொண்டு 79 உம் சேர்த்தால் 1650 தான் வருகிறது. கோளத்தை விடக் குறைந்த மேற்பரப்பில் எந்தக் குடமும் இருக்க முடியாது. ஆகவே வெள்ளி தீர்ந்துபோவதற்கு முன்பே அந்தப் பிழையைக் கண்டிருக்கலாம். திருத்திய கணக்கில் அதே கூட்டு 1919.

படம் பிடித்து அளக்கும் இளைஞர்: நான் குடத்தைப் படம் பிடித்து, கணினியில் ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி எடுத்தேன். கனவளவு நன்றாக வருகிறது. மேற்பரப்பு மட்டும் புள்ளிகள் கூடக் கூட ஏறிக்கொண்டே போகிறது.

நீங்கள் இப்போது குடத்தை அளக்கவில்லை, படத்தின் பற்களை அளக்கிறீர்கள். நேரான சுவரில் ஆரை ஒரு மில்லிமீற்றர் அங்குமிங்கும் துள்ளினால், ஒரு மில்லிமீற்றர் உயரத்துக்கு 1.41 மில்லிமீற்றர் நீளம் கணக்காகும். அதாவது 41 வீதம் மிகை. அதே துள்ளலை 20 மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்தால் மிகை 0.1 வீதம்தான். கனவளவில் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுவதால் அங்கே நோய் தெரிவதில்லை. புள்ளிகளின் ஊடே மென்மையான வளைவு ஒன்றைப் பொருத்தி, பிறகு தொகையிடுங்கள். அல்லது 2 சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளியோடு நிறுத்துங்கள்.

தெகிவளையிலிருந்து ஒருவர்: எங்கள் மொட்டை மாடியில் உருளைத் தண்ணீர்த் தாங்கி படுக்கையாக இருக்கிறது. பாதிக்குக் கீழே தண்ணீர் இருக்கும்போது எவ்வளவு என்று இதே விரிதாளில் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. தாங்கி சுழற்சித் திண்மம்தான், ஆனால் தண்ணீர் மட்டம் அச்சுக்குச் சமாந்தரமாக வெட்டுவதால் தண்ணீரின் வடிவம் சுழற்சித் திண்மம் அல்ல. வட்டத் துண்டின் பரப்பளவை நீளத்தால் பெருக்குங்கள்.

மருமகன் மீண்டும்: குடத்தின் வயிற்றில் கொடிவேலைப்பாடு செதுக்கியிருக்கிறது. அதற்கு எவ்வளவு கூட்டுவது?

இதற்கு என்னிடம் கணக்கு இல்லை. செதுக்கல் குடத்தைச் சுற்றி ஒரே சீராக இல்லாததால், ஒரு பக்க வளைவை அளந்து சுழற்றும் முறை அதைப் பார்க்கவே பார்க்காது. மேலும், முலாம் தொட்டியில் வெள்ளி மேடுகளில் தடிப்பாகவும் பள்ளங்களில் மெல்லிதாகவும் படிவதால், மேற்பரப்பைத் துல்லியமாக அறிந்தாலும் தேவையான வெள்ளி அதனாலேயே தீர்மானமாகிவிடாது. மாமா ஒரு வீதத்தைக் கைக்கணக்காகக் கூட்டுவாராக இருந்தால், அதை முலாம் பூசுவதற்கு முன்னும் பின்னும் குடத்தை நிறுத்துச் சரிபார்க்கலாம். அந்த நிறுவைகள் சிலவற்றை எனக்கும் அனுப்பிவையுங்கள்.